பம்பின் ஹெட்டை நாலு படத்தில் விளக்குவது எப்படி?

"கோவையில் மோனோபிளாக் பம்ப் தயாரிக்கிறோம். வாங்குவது அடுக்குமாடி கட்டும் ஒப்பந்ததாரர்கள், ஆர்.ஓ. பிளான்ட் அமைப்பவர்கள், டீலர்கள். டேட்டா ஷீட் அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் தவறான மாடலை வாங்கிவிட்டுப் பம்ப் சரியில்லை என்கிறார்கள். சின்னச் சின்னப் பதிவுகளாலும் எளிய படங்களாலும் இதை விளக்க முடியுமா? எதில் தொடங்குவது?"

முடியும். ஆனால் டேட்டா ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பதிவாகப் போட்டால் நடக்காது. டேட்டா ஷீட்டில் இன்சுலேஷன் கிளாஸ், ஐ.பி. ரேட்டிங், இம்பெல்லர் உலோகம், ஷாஃப்ட் உலோகம், வோல்டேஜ் என்று இருபது வரிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை வாங்குபவர் தவறாகப் புரிந்துகொள்வதே இல்லை. படிக்காமல் விட்டாலும் பெரிய கேடு கிடையாது. கேடு வருவது ஒரே ஒரு வரியில்: ஹெட், டிஸ்சார்ஜ், அதாவது எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு தண்ணீர். அதிலேயே தொடங்குங்கள். முதல் நாலைந்து பதிவுகள் முழுக்க அதைப் பற்றியே இருந்தாலும் பரவாயில்லை.

உங்களுக்கு வரும் விசாரணைகளை எடுத்துப் பாருங்கள். "3 எச்.பி. பம்ப் என்ன விலை?" என்றுதான் பாதிக்கு மேல் இருக்கும். வாங்குபவர் மனதில் பம்ப் என்றால் எச்.பி. அந்த எச்.பி.யைக் கொண்டு எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை அவர் கேட்பதில்லை; நீங்களும் விலையை அனுப்பிவிடுகிறீர்கள். உங்கள் பதிவுகள் செய்ய வேண்டிய வேலை இதுதான்: "3 எச்.பி. என்ன விலை" என்று வருகிற விசாரணையை, "28 மீட்டர் உயரம், நிமிடத்துக்கு 150 லிட்டர், 50 மில்லிமீட்டர் பைப், எந்த மாடல்?" என்று வரவைப்பது.

ஆகவே முதல் படம் எச்.பி.யிலிருந்தே புறப்படட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பம்ப். இரண்டின் மீதும் "3 எச்.பி." என்று ஒரே எழுத்தில். ஒன்றிலிருந்து மேலே போகும் கோடு 28 மீட்டரில் உள்ள டேங்கைத் தொட்டு அதில் தண்ணீர் விழுகிறது. மற்றொன்றின் கோடு 22 மீட்டரிலேயே நின்றுவிடுகிறது. கீழே ஒரு வரி: "இரண்டும் 3 எச்.பி. இரண்டாவது பம்பில் கோளாறு இல்லை. அது குறைந்த உயரத்துக்கு நிறையத் தண்ணீர் தரச் செய்யப்பட்டது." அவ்வளவுதான் பதிவு. உங்கள் பட்டியலிலேயே இப்படி இரண்டு மாடல்கள் கட்டாயம் இருக்கும். அவற்றின் உண்மையான பெயரைப் போடுங்கள். குறைந்த ஹெட், அதிக டிஸ்சார்ஜ் மாடலால் 22 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளவே முடியாது என்றால், 28 மீட்டர் கட்டடத்தில் அது நாள் முழுக்க ஓடினாலும் மேலே ஒரு சொட்டு வராது. இதை எழுத்தில் சொன்னால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். பாதி வழியில் நின்ற கோட்டைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது படம், ஹெட்டை எங்கிருந்து எங்கே அளப்பது என்பது. இதில்தான் ஒப்பந்ததாரரின் கணக்கு முதலில் பிசகும். கட்டட உயரத்தைக் கேட்டால் தரையிலிருந்து மொட்டை மாடி வரை சொல்வார்கள். பம்புக்கு வேண்டியது அது இல்லை. சம்ப்பில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போதுள்ள மட்டத்திலிருந்து, மேலே டேங்குக்குள் பைப் வாய் திறக்கும் இடம் வரை அளக்க வேண்டும். தரைத்தளமும் அதன் மேல் ஆறு மாடியும் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து மொட்டை மாடி 21.5 மீட்டர். சம்ப்பின் அடிமட்டத் தண்ணீர் தரைக்குக் கீழே 2.5 மீட்டர். மொட்டை மாடிக்கு மேல் டேங்க் நிற்கும் மேடை, டேங்கின் உயரம், பைப் உள்ளே நுழையும் இடம் எல்லாம் சேர்த்து இன்னொரு 4 மீட்டர். மொத்தம் 28. ஒப்பந்ததாரர் சொன்னது 21.5. ஆறரை மீட்டர் விட்டுப்போனது.

இந்தப் படத்தை வரையும்போது ஒரே ஒரு நீளமான அம்புக்குறி போடுங்கள், கீழிருந்து மேல் வரை. அதன் பக்கத்தில் மூன்று சிறு அம்புகள்: 2.5, 21.5, 4. நீள அம்பின் மீது 28. சம்ப், கட்டடம், டேங்க் மூன்றும் வெறும் பெட்டிகளாக இருந்தால் போதும். ஜன்னல், கதவு, மரம் எதுவும் வேண்டாம். அலங்காரமாக எதை வரைந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். பதிவின் எழுத்து இப்படி இருக்கலாம்:

"மாடி எத்தனை என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்ப்பின் அடித் தண்ணீரிலிருந்து டேங்கில் பைப் வாய் வரை டேப் பிடித்து அளந்து சொல்லுங்கள். இந்தக் கட்டடம் 21.5 மீட்டர். பம்ப் தூக்க வேண்டியது 28 மீட்டர். பைப்பில் ஏற்படும் இழப்பு இதற்கு மேல். அது அடுத்த படத்தில்."

கடைசி வரி முக்கியம். இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர் 28தான் முழுக் கணக்கு என்று எண்ணிக் கிளம்பிவிடக் கூடாது. ஒரு படத்தில் ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளும்போது, விட்டுவைத்தது என்ன என்பதைப் படத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்துதான் பம்பின் வளைகோடு. இதைப் போடத் தயங்குகிறவர்கள் நிறைய. வரைபடம் என்றாலே வாங்குபவர் ஓடிவிடுவார் என்று பயம். அவர் ஓடுவது வளைகோட்டைப் பார்த்து அல்ல. ஒரே சதுரத்தில் ஏழு மாடல்களின் வளைகோடுகள், செயல்திறன் கோடுகள், பவர் கோடு எல்லாம் பின்னிக் கிடப்பதைப் பார்த்து. ஒரு மாடல், ஒரு கோடு என்று போட்டால் யாருக்கும் புரியும்.

நமது 3 எச்.பி. மாடலின் எண்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரே போகாமல் வால்வ் மூடியிருக்கும்போது ஹெட் 40 மீட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் போகும்போது 37.5. 150 லிட்டருக்கு 34. 200 லிட்டருக்கு 30. 250 லிட்டருக்கு 24. நேம் பிளேட்டில் இது "ஹெட் 24 / 40 மீட்டர்" என்றும் "டிஸ்சார்ஜ் 250 லிட்டர்" என்றும் சுருங்கி நிற்கும். வாங்குபவர் இரண்டு பெரிய எண்களையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிறார்: 40 மீட்டருக்கு 250 லிட்டர். உலகத்தில் எந்தப் பம்பும் தன் அதிகபட்ச ஹெட்டையும் அதிகபட்ச டிஸ்சார்ஜையும் ஒரே நேரத்தில் தராது. உங்கள் புகார்ப் புத்தகத்தில் "பம்ப் சொன்ன தண்ணீர் தரவில்லை" என்று இருப்பவற்றை எடுத்து, அங்கே தண்ணீர் ஏற வேண்டிய உயரத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பலவற்றில் பம்ப் தன் வளைகோட்டின் மீதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இந்தப் படத்துக்கு நான் பரிந்துரைப்பது வளைகோட்டையே கட்டடமாக வரைவது. இடப்பக்கம் உயர அளவு, 0 முதல் 40 வரை. அந்தந்த உயரத்தில் ஒரு குழாய் வாய். 40இல் வறண்டு இருக்கிறது, 37.5இல் மெல்லிய தாரை, 30இல் நல்ல தாரை, 24இல் தடித்த தாரை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் லிட்டர் எண். தாரைகளின் நுனிகளைச் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் அதுவேதான் வளைகோடு. முதல் முறை பார்க்கிற ஃபிட்டரும் "மேலே போகப் போகத் தண்ணீர் குறையும்" என்று உடனே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு சாதாரண வளைகோட்டைக் காட்டினாலும் அவருக்கு அது பழகிய முகமாகிவிடும். படத்தின் கீழே "40 மீட்டரும் 250 லிட்டரும் ஒன்றாக வராது" என்று ஒரே வரி.

இதுவரை மூன்று படம். நாலாவதுதான் விற்பனையையும் புகாரையும் நேரடியாக மாற்றக்கூடியது: பைப் அளவு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதே 28 மீட்டர் கட்டடம். அதே 3 எச்.பி. மாடல். சம்ப்பிலிருந்து டேங்க் வரை பைப் நீளம், அத்துடன் பெண்டுகள், நான் ரிட்டர்ன் வால்வ், கேட் வால்வ் ஆகியவற்றுக்கு ஈடான நீளத்தையும் சேர்த்து 75 மீட்டர் என்று வைப்போம். பிளாஸ்டிக் பைப், உள்விட்டம் 50 மில்லிமீட்டர். ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் போட்டால் 180 லிட்டர் போகும்போது உராய்வில் இழக்கும் ஹெட் சுமார் 4 மீட்டர். 28ஐயும் 4ஐயும் கூட்டினால் 32. நம் பம்பின் கோட்டில் 32 மீட்டருக்கு வருவதும் சுமார் 180 லிட்டர்தான். இரண்டும் பொருந்துகிற இந்த இடத்தில் பம்ப் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். 150 லிட்டர் கேட்டவருக்கு 180 கிடைக்கிறது.

இப்போது ஒப்பந்ததாரர் செலவைக் குறைக்க 40 மில்லிமீட்டர் உள்விட்டப் பைப் போட்டுவிடுகிறார். பத்து மில்லிமீட்டர்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் உராய்வு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. அதே தண்ணீரை அனுப்ப இழப்பு மூன்று மடங்கு ஆகிவிடும். பம்பால் அத்தனை ஹெட் தர முடியாது. ஆகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு 35 மீட்டர் பக்கத்தில் போய் நிற்கும். அங்கே கிடைப்பது சுமார் 140 லிட்டர். 20,000 லிட்டர் டேங்க் முன்பு 1 மணி 50 நிமிடத்தில் நிறைந்தது. இப்போது 2 மணி 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பம்ப் அதேதான், கட்டடம் அதேதான், மாறியது பைப் மட்டும்.

படத்தில் சூத்திரம் எதுவும் வேண்டாம். இரண்டு கட்டடம், இரண்டிலும் ஒரே பம்ப். ஒன்றில் தடித்த பைப், "50 மி.மீ." என்று எழுதி, டேங்கின் பக்கத்தில் "1 மணி 50 நிமிடம்". மற்றொன்றில் மெல்லிய பைப், "40 மி.மீ.", "2 மணி 20 நிமிடம்". நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்பதைவிட டேங்க் நிறையும் நேரம் கட்டடக்காரருக்கு உறைக்கும். குடியிருப்பவர்கள் புகார் சொல்வது அந்த நேரத்தைத்தான். ஆர்.ஓ. பிளான்ட்காரருக்கு இதே படத்தைப் போட்டால், நேரத்துக்குப் பதிலாக மணிக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றுங்கள். அவர் பிளான்ட்டின் பெயரையே மணிக்கு இத்தனை லிட்டர் என்றுதான் சொல்வார். வாங்குபவர் எந்த அலகில் பேசுகிறாரோ அந்த அலகில் எழுதுங்கள், ஒரு படத்தில் இரண்டு அலகு வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பைப்பின் பெயரளவு வேறு, உள்விட்டம் வேறு. பிவிசி பைப்பில் கடையில் சொல்லும் அளவு பெரும்பாலும் வெளிவிட்டம்; பிரஷர் கிளாஸ் கூடக் கூடச் சுவர் தடித்து உள்விட்டம் குறையும். ஆகவே படத்தில் "உள்விட்டம்" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 50 மில்லிமீட்டர் வெளிவிட்டப் பைப்பை வாங்கிப் போட்டுவிட்டு உங்கள் படத்தைக் காட்டி வாதாடுவார்கள்.

இன்னொரு பிழை இதற்கு நேர் எதிர். எல்லோரும் ஒரு கை கூட்டியே கேட்பது. ஆர்க்கிடெக்ட் 28ஐ 32 ஆக்குவார், ஒப்பந்ததாரர் அதை 40 ஆக்குவார், கொள்முதல் பிரிவு "எதற்கும் 50 இருக்கட்டும்" என்று முடிக்கும். நீங்கள் 50 மீட்டருக்கு 150 லிட்டர் தரும் பெரிய பம்பை அனுப்புவீர்கள். தளத்தில் 50 மீட்டர் எதிர்ப்பே இல்லை. எனவே அந்தப் பம்ப் தன் கோட்டின் வலப்பக்கம் இறங்கி ஓடும். இதே 50 மில்லிமீட்டர் பைப்பில் 36 மீட்டர் பக்கத்தில், 260 லிட்டருக்கு மேல் தள்ளும். தண்ணீர் அதிகம் வந்தால் நல்லதுதானே என்று நினைப்பார்கள். சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பில் தண்ணீர் கூடக் கூட மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் கூடும். ஓவர்லோட் ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகும். ரிலேயை ஏற்றி வைத்துவிட்டால் வைண்டிங் சூடேறும். சக்‌ஷன் பக்கமும் சிக்கல்; பம்ப் கேட்கும் உறிஞ்சல் அழுத்தம் கூடிவிடுவதால் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைந்து, ஜல்லி ஓடுவது போல ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் மோட்டார் தரமில்லை என்று உங்களுக்குப் போன் வரும்.

இதற்கான படம் மிகச் சுலபம். பம்ப், டெலிவரி வால்வ், மோட்டார் ஒயரைக் கவ்விய டாங் டெஸ்டர். இரண்டு நிலை. வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது நேம் பிளேட் ஆம்பியருக்கு மேலே காட்டுகிறது. வால்வைக் கொஞ்சம் மூடும்போது ஆம்பியர் இறங்குகிறது. கீழே: "வால்வை மெல்ல மூடினால் ஆம்பியர் குறைகிறதா? மோட்டாரைக் கழற்றும் முன் எங்களுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் தளத்துக்குப் பம்பின் ஹெட் அதிகமாக இருக்கலாம்." இந்த ஒரு படம் தேவையில்லாமல் மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போவதைக் குறைக்கும், உங்கள் சர்வீஸ் ஆளின் வெட்டி அலைச்சலையும் குறைக்கும்.

ஆனால் இந்தப் படத்தின் மேலேயே "சென்ட்ரிஃபியூகல் மோனோபிளாக் பம்புக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வீடுகளுக்குப் போகும் அரை எச்.பி., ஒரு எச்.பி. செல்ஃப் பிரைமிங் பம்புகளில் பல ரீஜெனரேடிவ் வகை. அவற்றில் விஷயம் தலைகீழ்: வால்வ் மூட மூட ஆம்பியர் ஏறும், முழுக்க மூடினால் மோட்டாருக்கே ஆபத்து. உங்கள் டீலர் இரண்டு வகையும் விற்பார். நீங்கள் பெரிய பம்புக்குப் போட்ட படத்தைச் சின்னப் பம்பு வாங்கியவருக்கு நல்லெண்ணத்தோடு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் படமானாலும் எந்த வகைப் பம்பு, எந்த மாடல் என்பது அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சக்‌ஷன் உயரம், உறிஞ்சும் பக்கத்தில் பம்புக்கு வேண்டிய அழுத்தமான என்.பி.எஸ்.ஹெச். பற்றியும் போடலாம், ஆனால் மேலே சொன்னவை முடிந்த பிறகு, தனியாக. இப்போதைக்கு ஒரு படம் போதும்: பம்புக்கும் கீழுள்ள தண்ணீர் மட்டத்துக்கும் இடைவெளி நடைமுறையில் 6 மீட்டருக்குள் இருக்கட்டும், குறையக் குறைய நல்லது, வெந்நீர் என்றால் எங்களைக் கேட்காமல் வாங்காதீர்கள். வாங்குபவர் ஒப்பந்ததாரராக இல்லாமல் கன்சல்டன்ட் ஆக இருந்தால் அவர் வளைகோட்டையே கேட்டு வாங்கிக்கொள்வார்.

வரைவது எப்படி என்று வருவோம். இந்தப் படங்கள் கடைசியில் போய்ச் சேருமிடம் வாட்ஸ்அப்தான். லிங்க்ட்இன்னில் போட்டாலும், அங்கே பார்த்த கொள்முதல் அதிகாரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தளப் பொறியாளருக்கு அனுப்புவார். அவர் ஃபிட்டருக்கு அனுப்புவார். வழியில் நீங்கள் எழுதிய பதிவு உதிர்ந்துவிடும், படம் மட்டும் போகும். ஒவ்வொரு முறை போகும்போதும் தரம் குறையும். மெல்லிய கோடுகள் மங்கும். ஆகவே போனில் நிமிர்த்திப் பார்க்கும் அளவில், 1080க்கு 1350 பிக்ஸல் என்று வைத்துக்கொண்டு, கோடுகளைத் தடிமனாகப் போடுங்கள். கேபிள், கட்டடம், பைப் எல்லாம் கருப்பு. தண்ணீர் மட்டும் நீலம். கவனிக்க வேண்டிய ஒரே எண் சிவப்பு. மூன்றுக்கு மேல் வண்ணம் வேண்டாம். எண்ணை அது குறிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அ, ஆ, இ என்று குறியிட்டுக் கீழே விளக்கம் தரும் முறை போனில் வேலை செய்யாது.

பம்பை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி வரையுங்கள்: ஒரு வட்டம், பக்கத்தில் மோட்டாருக்கு ஒரு செவ்வகம், மேலே டெலிவரி. நாலு படம் பார்த்தவருக்கு ஐந்தாவதில் எது பம்ப் என்று சொல்லவே வேண்டாம். தொழிற்சாலை டிராயிங்கை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். அதில் உள்ள போல்ட் துளை அளவுகள், செக்‌ஷன் கோடுகள் எல்லாம் அடித்தளம் போடுகிறவருக்கு, மாடல் தேர்வு செய்பவருக்கு அல்ல. நல்ல காகிதத்தில் மார்க்கர் பேனாவால் வரைந்து, வெளிச்சத்தில் படம் எடுத்தாலே போதும். வடிவமைப்பாளரிடம் கொடுத்தால் அழகாக வரும், ஆனால் அவர் அம்புக்குறியின் நுனியை நீர்மட்டத்திலிருந்து சம்ப்பின் வாய்க்கு நகர்த்திவிட்டாரா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு நகர்வில் இரண்டு மீட்டர் போய்விடும்.

படத்தில் சொற்கள் குறைவாக இருப்பதில் இன்னொரு லாபம். சென்னை ஒப்பந்ததாரருக்குத் தமிழில், பெங்களூர், அகமதாபாத் டீலர்களுக்கு அவர்கள் மொழியில் என்று எழுத்தை மட்டும் மாற்றி அதே படத்தை அனுப்பலாம். எண்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

வணிக நிறுவனங்களுக்கு விற்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பதிவில் போட்ட எண் நாளைக்கு உங்கள் வாக்குறுதியாக மேசைக்கு வரும். "உங்கள் படத்திலேயே 180 லிட்டர் என்று இருந்ததே" என்று கேட்டால் மறுக்க முடியாது. ஆகவே எண்களைப் பழைய கேட்டலாகிலிருந்து எடுக்காமல் உங்கள் டெஸ்ட் பெட் பதிவிலிருந்து எடுங்கள். பம்ப் சோதனையிலேயே ஏற்றத்தாழ்வுக்கு இடம் உண்டு, ஐ.எஸ்.ஓ. 9906 தரத்தின் 2பி கிரேடில் உறுதியளித்த புள்ளியில் டிஸ்சார்ஜில் 8 சதவீதமும் ஹெட்டில் 5 சதவீதமும் கூடவோ குறையவோ இருக்கலாம். நீங்கள் எந்த கிரேடில் உறுதி தருகிறீர்களோ அதை ஓரத்தில் எழுதுங்கள். "விளக்கப் படம், அளவுக்கு வரையப்படவில்லை, ஆர்டருக்கு டேட்டா ஷீட்டே செல்லும்" என்று ஒரு வரி, மாடல் எண், டேட்டா ஷீட்டின் திருத்த எண், தேதி. இவ்வளவும் சேர்ந்து மூலையில் இரண்டு வரிதான். இம்பெல்லர் விட்டத்தை மாற்றினீர்கள் என்றால் வளைகோடும் மாறும். அன்றே பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஏற்கெனவே கைமாறிப் போனவற்றை நீங்கள் திரும்பப் பெற முடியாது; மூலையில் உள்ள தேதிதான் அப்போது உங்களைக் காக்கும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். படத்தை வடிவமைத்த குழுவிடமே கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு விடை தெரியும். பக்கத்துத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு ஃபிட்டரிடமோ டீலர் கடையில் கவுன்டரில் நிற்பவரிடமோ போனை அரை நிமிடம் கொடுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "அண்ணா, இந்தக் கட்டடத்துக்கு உயரம் எவ்வளவுன்னு கம்பெனிக்குச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். 28 என்றால் படம் வேலை செய்கிறது. 21.5 என்றால், நீள அம்பைவிடக் கட்டடத்தின் பெட்டி அவர் கண்ணில் பெரிதாகப் பட்டிருக்கிறது. கட்டடக் கோட்டை மெலிதாக்கி, அம்பைத் தடிப்பாக்கி, இன்னொருவரிடம் காட்டுங்கள்.

போட்ட பிறகு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மற்ற பம்ப் கம்பெனிக்காரர்களும் கல்லூரி மாணவர்களும்தான் அங்கே அதிகம். உங்கள் விற்பனைப் பிரிவு விசாரணைகளை எழுதிவைக்கும் ஏட்டில் மூன்று கட்டங்கள் சேர்க்கச் சொல்லுங்கள்: வாங்குபவர் தானாகவே உயரம் சொன்னாரா, லிட்டர் சொன்னாரா, பைப் உள்விட்டம் சொன்னாரா. அதிலே டிக் கூடுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். முதலில் உயரம் வரும். பைப் அளவுதான் கடைசியாக வரும், ஏனென்றால் பம்ப் வாங்கும்போது பைப் வேலை பலசமயம் இன்னொரு ஒப்பந்ததாரர் கையில் இருக்கும். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால், நாலாவது படத்தைக் கொள்முதல் பிரிவுக்கு அல்ல, பிளம்பிங் ஒப்பந்ததாரருக்கு அனுப்புங்கள். கொட்டேஷனோடு அதை இணைத்து, "இந்த 180 லிட்டர் 50 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு" என்று விலை வரிக்குக் கீழேயே எழுதிவிட்டால், பைப்பை மாற்றும் முன் அவரே போன் செய்வார்.